சிசேரியனுக்கு முன் கடைசி ஒரு மணித்தியாலம்: அன்டிபயோட்டிக் நேரமும் தோல் தயாரிப்பும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் முதன்முதலாகத் தியேட்டருக்குள் கால் வைக்கும் தாதியருக்கும் பயிலுநர் வைத்தியர்களுக்கும் இந்த வழிகாட்டி. சத்திரசிகிச்சைக் காயத் தொற்று பெரிய விடயம். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் கையில் மிஞ்சாது. ஆகவே சிசேரியன் ஒன்றை மட்டும் எடுத்து, தாய் வார்டை விட்டுக் கிளம்புவது முதல் வயிற்றில் கத்தி வைக்கும் நொடி வரை நடப்பதைப் பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் ஹேர்னியாவுக்கும் பித்தப்பைக்கும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். மருந்தின் பெயரும் அளவும் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை சற்று மாறும். உங்கள் வைத்தியசாலையின் எழுத்து மூல நடைமுறை என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

முதலில் கிருமி எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். புதியவர்கள் பலர் தியேட்டர்க் காற்றையும் தரையையும் சந்தேகிப்பார்கள். பெரும்பாலான காயத் தொற்றுகளில் கிருமி நோயாளியின் உடம்பிலிருந்தே வருகிறது. தோலில் குடியிருக்கும் ஸ்டாபிலோகொக்கஸ், சிசேரியன் என்றால் யோனிப் பாதையிலிருந்து மேலேறும் கிருமிகள், இவைதான் முக்கியமானவை. தோலைச் சுத்தம் செய்தால் அவற்றின் தொகை குறையும், ஆனால் பூச்சியமாகாது. மயிர்க்கால்களின் அடியில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சியிருக்கும். கத்தி போகும்போது அவை இழையத்துக்குள் இறங்கும். அந்த நேரத்தில் அங்கே அன்டிபயோட்டிக் காத்திருக்க வேண்டும். தோல் தயாரிப்பும் மருந்தும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள் என்பது இதனால்தான்.

ஏன் நேரம் இவ்வளவு முக்கியம்

1961 இல் ஜோன் பேர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கினிப் பன்றிகளில் ஒரு பரிசோதனை செய்தார். தோலுக்குள் ஸ்டாபிலோகொக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்த்தார். கிருமி போவதற்குச் சற்று முன்னர் மருந்து உடம்பில் இருந்தால் புண் மிகச் சிறியதாக இருந்தது. மூன்று மணித்தியாலம் கழித்துக் கொடுத்தபோது, மருந்தே கொடுக்காத விலங்குக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. 1992 இல் அமெரிக்காவில் கிளாசனும் குழுவினரும் 2847 நோயாளிகளை ஆராய்ந்தபோது மனிதரிலும் இதே கதைதான். வெட்டுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களிடம் தொற்று மிகக் குறைவு. அதைவிட முந்திக் கொடுத்தவர்களுக்கும் வெட்டிய பிறகு பிந்திக் கொடுத்தவர்களுக்கும் கூடுதலாக வந்தது.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டல், வெட்டுக்கு முந்திய 120 நிமிடத்துக்குள் மருந்து கொடுக்கப்பட வேண்டும், மருந்தின் அரைவாழ்வுக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவது பாதியைப் பலர் வாசிப்பதில்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் செஃபுரொக்சிம், செஃபசோலின் போன்றவை உடம்பில் நீண்ட நேரம் நிற்காதவை. அவற்றுக்கு 60 நிமிடம் என்ற எல்லையை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலும் வெட்டுக்கு முன் கேட்கும் கேள்வி அதுதான்: கடந்த 60 நிமிடத்துக்குள் கொடுத்தாயிற்றா?

சிசேரியனில் இன்னொரு பழைய பழக்கம் உண்டு. குழந்தையின் தொப்புள் கொடியைக் கவ்விய பிறகுதான் மருந்து கொடுப்பார்கள். மருந்து குழந்தைக்குப் போய், அதற்குத் தொற்று இருந்தால் பரிசோதனையில் மறைந்துவிடும் என்ற பயம். பின்னர் வந்த ஆய்வுகள் குழந்தைக்குக் கேடு கூடவில்லை, தாய்க்குத் தொற்று குறைகிறது என்று காட்டின. இன்று வெட்டுக்கு முன் என்பதே நியமம். மூத்தவர் ஒருவர் "குழந்தை வெளியில வரட்டும், பிறகு குடுப்பம்" என்றால், வாக்குவாதத்துக்குப் போகாமல் உங்கள் வைத்தியசாலையின் எழுதிய நடைமுறையைக் காட்டுங்கள்.

ஒரு தாயின் கணக்கு

படுவான்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். வயது 34, இரண்டாவது சிசேரியன், கர்ப்பகால நீரிழிவு, நிறை 84 கிலோ. பட்டியலில் இரண்டாம் ஆள். ஒன்பது மணிக்கு எடுப்பார்கள் என்று வார்டில் நினைத்து, 7.30 க்குச் செஃபுரொக்சிம் 1.5 கிராம் போட்டு, டிக்கெட்டில் எழுதி, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். முதல் தாய்க்கு எதிர்பாராத இரத்தப்போக்கு. அது முடியும்போது, கொடி கீழே இறங்கிய அவசரக் கேஸ் ஒன்று வருகிறது. நம் தாய் தியேட்டர் வாசலில் காத்திருக்கிறார். கத்தி வைக்கும்போது 10.40.

செஃபுரொக்சிம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 75 நிமிடம் எடுக்கும். 7.30 க்கு இருந்தது 8.45 இல் பாதி, 10.00 மணிக்குக் கால், 11.15 இல் எட்டில் ஒன்று. 10.40 என்பது காலுக்கும் எட்டில் ஒன்றுக்கும் நடுவில். கர்ப்பிணியின் சிறுநீரகம் மருந்தை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றுவதால் உண்மையில் இருப்பது இன்னும் குறைவு. டிக்கெட்டில் மருந்து கொடுத்ததாகவே இருக்கிறது, பட்டியலிலும் ஆம் என்று அடையாளம் போடுவார்கள். இழையத்தில் மட்டும் போதிய மருந்து இல்லை. இந்தத் தவறை யாரும் கவனிக்காமல் போவதற்கு இதுதான் காரணம். மருந்து கொடுக்க மறந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

இங்கே செய்ய வேண்டியது எளிது. தியேட்டரில் மறுபடி முழு அளவான 1.5 கிராமைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை போட்டாயிற்றே என்று பாதி அளவு கொடுப்பது வீண். 7.30 டோஸை அழிக்காமல், அதன் கீழே புதிய டோஸை நேரத்தோடு எழுதுங்கள்.

இந்தச் சிக்கலே வராமல் தடுக்க ஒரே ஒழுங்கு போதும்: தடுப்பு அன்டிபயோட்டிக் வார்டில் கொடுப்பதில்லை. வயலை டிக்கெட்டோடு அனுப்புங்கள், அல்லது தியேட்டரிலேயே இருப்பு வையுங்கள். வார்டில் செய்ய வேண்டியது மூன்று: ஒவ்வாமை பற்றிக் கேட்பது, நிறையை எழுதுவது, ஓடும் நிலையில் ஒரு கனூலா போட்டு அனுப்புவது. கனூலா அடைத்துப்போன நிலையில் தாய் மேசைக்கு வந்தால், எல்லோரும் நரம்பு தேடும் அவசரத்தில் முதலில் மறக்கப்படுவது அன்டிபயோட்டிக்தான்.

ஒவ்வாமையை எப்படிக் கேட்பது

"மருந்து ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஓம் என்பார்கள். வயிற்றோட்டம், சத்தி, தலைச்சுற்று எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். என்ன மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில் என்ன நடந்தது, முகம் வீங்கியதா, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டதா, வைத்தியசாலையில் மறித்து வைத்தார்களா என்று கேளுங்கள். உண்மையான கடும் ஒவ்வாமை என்றால் மருந்தே மாறும், அதோடு நேரமும் மாறும். கிளிண்டமைசின் 900 மி.கி. மெதுவாக, அரை மணித்தியாலம் எடுத்து ஏற்ற வேண்டியது. வன்கோமைசின் 1 கிராம் ஏற்ற ஒரு மணித்தியாலமாவது வேண்டும், அதனால் வெட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்குவார்கள். இதை மேசையில் படுத்த பிறகு அறிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாள் மாலையிலேயே மயக்கமருந்து வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொடுக்கும் விதம்

செஃபுரொக்சிம் 750 மி.கி. வயல்கள்தான் கையில் இருக்குமென்றால் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் ஊசிக்கான தூய நீர் 6 மி.லீ. ஆவது விட்டு, தூள் முழுதும் கரையும் வரை குலுக்குங்கள். பிறகு 3 முதல் 5 நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். செஃபசோலின் என்றால் 120 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 2 கிராம், அதற்கு மேல் 3 கிராம். அதையும் இதே வேகத்தில்தான். மெட்ரொனிடசோல் 500 மி.கி. சேர்த்துக் கொடுக்கும் இடங்களில் அது 100 மி.லீ. போத்தலாக வரும். ஏற 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். கத்தி வைக்கும்போது போத்தல் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தால் டோஸ் இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

கொடுக்கச் சரியான இடம்: மேசையில் படுத்து, இரத்த அழுத்தம், நாடி, ஒட்சிசன் பார்க்கும் மொனிட்டர் பூட்டிய பின், ஸ்பைனல் போடுவதற்கு முன். தாய் விழித்திருப்பதால் நெஞ்சு இறுகுகிறது, கடிக்கிறது என்று வாயால் சொல்வார். ஸ்பைனலுக்குப் பிறகு கொடுத்தால், அழுத்தம் விழும்போது அது ஸ்பைனலால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாமல் குழம்ப வேண்டி வரும்.

நம் தாய்க்கு நேரங்கள் இப்படி அமைந்திருக்க வேண்டும். 10.08 க்கு மொனிட்டர். 10.12 க்கு மருந்து தொடங்கி 10.16 க்கு முடிகிறது. 10.18 க்கு ஸ்பைனல். 10.28 க்குச் சிறுநீர்க் குழாயும் யோனித் துப்புரவும். 10.30 முதல் 10.34 வரை வயிற்றுத் தோல். 10.37 வரை காயவிடுதல். பிறகு துணி விரித்து, சரிபார்ப்புப் பட்டியலை உரக்க வாசித்து, 10.41 க்குக் கத்தி. மருந்து முடிந்ததற்கும் வெட்டுக்கும் இடையே 25 நிமிடம். இதைவிட நன்றாக வேண்டியதில்லை. 15 நிமிடமா 40 நிமிடமா நல்லது என்று தலையைப் பிய்க்கவும் வேண்டாம். சுவிற்சர்லாந்தில் 5580 நோயாளிகளில் செய்த ஒப்பீட்டு ஆய்வில், மருந்தைச் சற்று முந்திக் கொடுத்தவர்களுக்கும் வெட்டுக்கு மிக அண்மையில் கொடுத்தவர்களுக்கும் தொற்றில் வேறுபாடு இல்லை.

உண்மையான அவசரத்தில், குழந்தையின் நாடி விழுந்துவிட்டால், மருந்துக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. ஒருவர் தோலுக்கு மருந்து பூசும்போதே இன்னொருவர் ஊசியைச் செலுத்தலாம். அதுவும் தவறினால் வெட்டிய பிறகேனும் உடனே கொடுங்கள். பிந்திப்போயிற்று என்று விட்டுவிடுவதைவிட அது மேல்.

ஏற்கெனவே காய்ச்சலுக்காக அன்டிபயோட்டிக் ஏறிக்கொண்டிருக்கும் தாய் என்றால் கவனம். காலை ஆறு மணிக்கு ஒரு டோஸ் போட்டிருக்கிறார்கள், அது போதும் என்று எண்ணுவது வழமை. அந்த மருந்து சிசேரியன் கிருமிகளுக்கு ஏற்றதா, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் பார்த்து, தேவையென்றால் மேசையில் ஒரு டோஸ் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

மறு டோஸும், நிறுத்துவதும்

செஃபுரொக்சிம், செஃபசோலின் இரண்டுக்கும் முதல் டோஸிலிருந்து நான்கு மணித்தியாலத்தில் மறு டோஸ். சாதாரண சிசேரியன் அவ்வளவு நேரம் போகாது. ஆனால் இரத்தப்போக்கு 1500 மி.லீ. ஐத் தாண்டினால் மணிக்கூட்டைப் பார்க்காமல் மறு டோஸ் கொடுக்க வேண்டும். இரத்தத்தோடு மருந்தும் வெளியே போகிறது, நாம் ஏற்றும் சேலைன் மிச்சத்தை ஐதாக்குகிறது. நம் தாய்க்கு 11.20 க்கு 1700 மி.லீ. போயிருந்தால், பிற்பகல் 2.16 வரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இரத்தப்போக்கோடு போராடும் அறையில் இதை நினைவூட்டும் ஆள் பெரும்பாலும் சுற்றுத் தாதியாகவே இருப்பார். அவர்தான் பஞ்சுகளை நிறுத்துக்கொண்டிருப்பவர்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் தடுப்பு மருந்தும் முடிந்தது. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதி அனுப்புவது ஒரு மனத் திருப்திதான். அதனால் காயத் தொற்று குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. வயிற்றோட்டமும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மட்டும் கூடும். தொற்று ஏற்கெனவே இருந்தால் அது சிகிச்சை, அதற்குக் கணக்கு வேறு.

தோல்: முதல் நாளிலிருந்து

கிளினிக்கிலேயே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வீட்டில் பிளேட்டால் மழித்துக்கொண்டு வர வேண்டாம். பல தாய்மார் அதை மரியாதை என்று நினைத்து, முதல் நாள் இரவே செய்துவிட்டு வருவார்கள். பிளேட் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும். அவற்றில் இரவு முழுவதும் கிருமி பெருகும். முடியை எடுக்காமல் விடுவதே முதல் விருப்பம். தையலுக்கு உண்மையில் இடையூறாக இருந்தால் மட்டும், தியேட்டருக்கு வெளியே, அன்று காலையில், மின் கிளிப்பரால் கத்தரிக்க வேண்டும். கிளிப்பரின் தலை ஒருவருக்கு ஒன்று. மழித்துச் சிவந்த தோலோடு ஒருவர் வந்தால் அவரைத் திட்டாதீர்கள். டிக்கெட்டில் எழுதி, சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டுங்கள். கொப்புளம் கட்டியிருந்தால் அவசரமில்லாத கேஸைத் தள்ளிப்போடலாமா என்பதை அவர் தீர்மானிப்பார்.

முதல் நாள் இரவோ அன்று காலையோ சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். சாதாரண சவர்க்காரம் போதும். குளித்த பின் வயிற்றில் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். இடுப்புக் கயிறும் அச்சரக்கூடும் இங்கே தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் உண்டு. பல நாள் ஊறிய நூல் அது, வெட்டும் இடத்துக்கு மிக அருகில் கிடக்கும். தியேட்டரில் கத்தரிக்கோலோடு நிற்பதைவிட, வார்டில் பொறுமையாகச் சொல்லி, அவர் கையாலேயே கழற்றிக் கணவரிடமோ தாயிடமோ கொடுக்க வைப்பது நல்லது.

எந்தத் திரவம்

உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது அல்ககோலில் கரைத்த குளோர்ஹெக்சிடின். அல்ககோல் உடனே கொல்லும், குளோர்ஹெக்சிடின் தோலில் தங்கி மணித்தியாலக் கணக்கில் வேலை செய்யும். 2010 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 849 நோயாளிகளை ஒப்பிட்டபோது, அல்ககோல் குளோர்ஹெக்சிடின் பூசியவர்களில் 9.5 வீதமும், நீரில் கரைத்த பொவிடோன் அயடீன் பூசியவர்களில் 16.1 வீதமும் காயத் தொற்று பெற்றார்கள். அல்ககோலில் கரைத்த அயடீனோடு ஒப்பிடும்போது இந்த இடைவெளி இவ்வளவு தெளிவாக இல்லை. ஆக, பெரிய வேலையை அல்ககோல் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கையில் 10 வீத பொவிடோன் அயடீன் மட்டும் இருந்தால் அதையே ஒழுங்காகப் பூசுங்கள். அவசரமாகப் பூசிய விலை கூடிய திரவத்தைவிட அது நல்லது.

போத்தலின் லேபலை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். 4 வீத குளோர்ஹெக்சிடின் என்பது நுரைக்கும் திரவம், கை கழுவவும் குளிக்கவும் உரியது. 2 வீதமோ 0.5 வீதமோ அல்ககோலில் இருந்தால் தோலுக்கு. நீரில் கலந்த மிக ஐதான திரவம் வேறு. எல்லாம் ஒரே அலுமாரியில் நிற்கும். பாதி முடிந்த போத்தலை மற்றொன்றிலிருந்து நிரப்புவது கடும் தவறு. கிருமிநாசினிக்குள்ளேயே வாழக்கூடிய சூடோமோனாஸ் வகைக் கிருமிகள் உண்டு. திறந்த திகதி எழுதாத போத்தலைக் கொட்டிவிடுங்கள்.

குளோர்ஹெக்சிடினுக்கு எல்லைகள் உண்டு. கண், நடுக்காது, மூளை, முள்ளந்தண்டு உறைகள் எதிலும் படக் கூடாது. ஸ்பைனல் தட்டில் நிறமற்ற திரவம் உள்ள கிண்ணம் இருக்கவே கூடாது. அதை மருந்தென்று எண்ணி ஊசியில் உறிஞ்சிய சம்பவங்கள் உலகில் நடந்து, கால்கள் செயலிழந்திருக்கின்றன. முதுகைத் துடைத்து, திரவத்தையும் பஞ்சையும் அப்புறப்படுத்தி, தோல் காய்ந்த பின்னரே ஊசியைத் திறக்க வேண்டும். யோனிக்குள்ளும் அல்ககோல் சேர்ந்தது எதுவும் போகக் கூடாது. சிசேரியனுக்கு முன் யோனித் துப்புரவுக்கு நீரில் கரைத்த பொவிடோன் அயடீன்தான். ஸ்பொன்ஞ் ஹோல்டரில் நனைத்த பஞ்சால் அரை நிமிடமாவது சுற்றித் துடைத்தால் போதும். பிரசவ வலி வந்த பிறகு, அல்லது நீர்க்குடம் உடைந்த பிறகு சிசேரியனுக்கு வருபவர்களிடம் இதன் பலன் கூட.

பூசும் முறை

கிண்ணத்தில் 25 முதல் 30 மி.லீ. போதும். நிறைய ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, முதுகுக்கடியில் ஓடித் தேங்கும். முதலில் தொப்புளைத் தனிப் பஞ்சால் சுத்தம் செய்து அந்தப் பஞ்சை எறியுங்கள். பிறகு வெட்டும் கோட்டில் தொடங்கி, முன்னும் பின்னுமாக அழுத்தித் தேயுங்கள். உலர்ந்த தோலுக்கு அரை நிமிடம், கவட்டிலும் தொங்கும் வயிற்று மடிப்பின் கீழும் இரண்டு நிமிடம். பருத்த தாயின் மடிப்பை இன்னொருவர் தூக்கிப் பிடித்தே ஆக வேண்டும். ஈரமான, வெட்டுக்கு ஒட்டிய அந்த இடந்தான் வழக்கமாகத் தவறவிடப்படுவது. மேலே மார்புக்குக் கீழிருந்து கீழே தொடை நடு வரை, இரு பக்கமும் மேசைத் துணி தொடும் வரை பரப்புங்கள். கவட்டைத் தொட்ட பஞ்சு மீண்டும் வயிற்றுக்கு வரக் கூடாது.

அயடீன் என்றால் நடுவிலிருந்து வட்டமாக வெளியே போய், பஞ்சை மாற்றி மறுபடி. பூசிய உடனே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அயடீன் தோலில் இருக்கும்போதுதான் வேலை செய்கிறது. அதைத் துடைத்தெடுத்தால் பூசியதன் பாதிப் பயன் போகும்.

பிறகு காத்திருங்கள். முடியில்லாத தோலில் அல்ககோல் காயக் குறைந்தது மூன்று நிமிடம். முடி அடர்ந்த இடத்தில் அதைவிட மிக நீளும். நீரில் கரைத்த அயடீனுக்கும் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். ஏசி பழுதாகி மின்விசிறியோ சன்னலோ துணைக்கு வரும் நாளில், கச்சான் வெக்கையும் வியர்வையும் சேரும்போது, இன்னும் கூட எடுக்கும். மணிக்கூடு சொல்வதைவிடக் கண்ணால் பாருங்கள். ஈரப் பளபளப்பு இருந்தால் காயவில்லை. ஊதுவதும் துணியால் ஒற்றுவதும் வேண்டாம். காயாத அல்ககோலில் டயதேமி பொறி பட்டால் தீப்பிடிக்கும். துணிக்கடியில் எரிவதால் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. இடுப்பின் கீழ் நனைந்த துணியைத் துணி விரிப்பதற்கு முன்பே உருவிவிடுங்கள்.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இரண்டு. குருதிக் குளுக்கோஸ் 200 மி.கி./டெ.லீ. க்குக் கீழே இருக்கட்டும், நம் தாய்க்கு நீரிழிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். உடல் வெப்பநிலை 36 பாகைக்குக் குறையக் கூடாது. ஏசி நமக்குச் சுகமாக இருக்கும்போது தாய் நடுங்கிக்கொண்டிருப்பார்.

பிறகு எப்படித் தெரியும்

காயத்தின் மேல் போட்ட டிரெசிங்கை 48 மணித்தியாலம் தொடாமல் விடுங்கள். அதன் பின் குளிக்கலாம், மஞ்சளோ எண்ணெயோ காயத்தில் வேண்டாம். தாய் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார், தொற்று பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலை காட்டும். வீட்டாரிடம் சொல்ல வேண்டிய அடையாளம்: குறைந்து வந்த நோவு மறுபடி கூடுவது. அதோடு காய்ச்சல், காயத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு, துணியில் மஞ்சள் அல்லது நாற்றமுள்ள ஒழுக்கு. தையல் ஓரத்தில் மெல்லிய சிவப்பும், முதல் நாட்களில் நீர் கலந்த இரத்தக் கசிவும் மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை. சீழ் இருந்தால் காயத்தைச் சேலைனால் கழுவி, உள்ளே இருந்து மாதிரி எடுத்த பின் அன்டிபயோட்டிக் தொடங்குங்கள். மேலே காய்ந்த பொருக்கில் தொட்டெடுத்த மாதிரி தோலின் கிருமிகளை மட்டுமே காட்டும்.

சிசேரியன் காயத் தொற்றை 30 நாள் வரை எண்ண வேண்டும். தியேட்டர்ப் பதிவேட்டில் நான்கு நிரல்கள் போடுங்கள்: மருந்து முடிந்த நேரம், வெட்டிய நேரம், இடைவெளி நிமிடத்தில், 30 ஆம் நாள் நிலை. நேரத்தைத் தியேட்டர்ச் சுவர் மணிக்கூட்டிலிருந்து மட்டும் எடுங்கள். கைபேசிக்கும் சுவருக்கும் ஐந்து நிமிடம் வேறுபட்டால் கணக்கு குழம்பும். எல்லா வரியிலும் 8.00, 8.30, 9.00 என்றே இருந்தால் யாரோ பிறகு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

நான்காவது நிரல்தான் நிரம்பாது. வாகரையிலோ வெல்லாவெளியிலோ இருக்கும் தாய், காயம் சீழ் பிடித்தால் உங்களிடம் திரும்பி வர மாட்டார், கிட்டிய வைத்தியசாலைக்கோ தனியார் மருந்தகத்துக்கோ போவார். உங்கள் பதிவேடு தொற்று இல்லை என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வீடு போகும்போதே தொலைபேசி இலக்கத்தை வாங்கி, 30 ஆம் நாள் அழையுங்கள். இலக்கம் கணவருடையது என்றால், அவர் வேலைக்குப் போயிருக்கும் பகலில் அல்லாமல் மாலையில் அழையுங்கள். பிடிக்க முடியாதவர்களைப் பற்றி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், "இல்லை" என்று எழுத வேண்டாம்.